ஆர்ஓசிஇ: கடன் வாங்கிய ஆலையையும் கடன் வாங்காத ஆலையையும் எப்படி ஒப்பிடுவது?

காலாண்டு முடிவுகள் வெளியாகும் வாரங்களில், ஒரே துறையைச் சேர்ந்த இரண்டு கம்பெனிகளின் நிகர லாபம் அடுத்தடுத்துச் செய்தியாக வரும். ஒன்றுக்குப் பத்தரைக் கோடி, மற்றதற்கு ஆறு கோடி என்றால், முதல் கம்பெனிதான் தொழிலை நன்றாக நடத்துகிறது என்று வாசிப்பவர் நினைத்துக்கொள்வார். அது சரியாகவும் இருக்கலாம், முழுக்கத் தவறாகவும் இருக்கலாம். நிகர லாபம் என்ற ஒரே எண்ணுக்குள் இரண்டு சங்கதிகள் கலந்திருக்கின்றன. தொழில் எவ்வளவு சம்பாதித்தது என்பது ஒன்று. அந்தத் தொழிலுக்கான பணம் யாரிடமிருந்து வந்தது என்பது இன்னொன்று.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க உதவும் அளவுகோல்தான் ஆர்ஓசிஇ. ஈடுபடுத்திய மூலதனத்தின் மீதான வருவாய் என்று தமிழில் சொல்லலாம். அதை இங்கே நூற்பாலைகளை வைத்துப் பார்ப்போம். கோவை, திண்டுக்கல், ராஜபாளையம் வட்டாரங்களில் உள்ள ஆலைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வேலையைத்தான் செய்கின்றன: பஞ்சு வாங்கி நூலாக்கி விற்பது. ஆனால் எந்திரத்துக்கும் பஞ்சுக்கும் போட்ட பணம் ஆலைக்கு ஆலை வேறு இடத்திலிருந்து வந்திருக்கும். கீழே வரும் ஆலைகளும் அவற்றின் எண்களும் விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்டவை. கணக்கு விதிகள் நிஜமானவை.

## கணக்கின் இரண்டு பக்கங்கள்

சூத்திரம் எளிது:

ஆர்ஓசிஇ = (வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம் ÷ ஈடுபடுத்திய மூலதனம்) × 100

1. வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம். விற்பனையிலிருந்து பஞ்சு, மின்சாரம், கூலி, தேய்மானம் எல்லாம் கழித்த பிறகு, வட்டியையும் வரியையும் கழிப்பதற்கு முன்னால் நிற்கும் தொகை. ஆண்டறிக்கையில் இது தனி வரியாக இருக்காது. வரிக்கு முந்தைய லாபத்தை எடுத்து, அதோடு ‘நிதிச் செலவு’ என்ற வரியில் உள்ள தொகையைத் திரும்பக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஒரு தடவை மட்டும் வந்த நிலம் விற்ற லாபம், தீ விபத்து இழப்பு போன்றவற்றை இதில் சேர்க்கக் கூடாது.

2. ஈடுபடுத்திய மூலதனம். பங்குதாரர்களின் பணமும் (பங்கு மூலதனம், இதுவரை சேர்த்துவைத்த லாபம்) வட்டி கட்ட வேண்டிய எல்லாக் கடன்களும் சேர்ந்த மொத்தம்.

மேலே வட்டியைக் கழிக்காமல் விட்டோம், அதனால் கீழே கடனைச் சேர்த்தே ஆக வேண்டும். கடன் கொடுத்தவருக்கும் பங்குதாரருக்கும் சேர்த்துச் சம்பாதித்த தொகையை, அவர்கள் இருவரும் சேர்த்துப் போட்ட தொகையால் வகுக்கிறோம். இந்தப் பொருத்தம் இருக்கும் வரைதான் இந்த அளவுகோல் கடனால் பாதிக்கப்படாமல் இருக்கும். பின்னால் பார்க்கப்போகும் கோளாறுகளில் முக்கியமானது இந்தப் பொருத்தம் உடைவதால் வருவதுதான்.

## ஒரே தொழில், ஒரே எந்திரம், வேறு வேறு பணம்

இரண்டு ஆலைகள். இரண்டிலும் அதே எண்ணிக்கை நூற்புக் கதிர்கள், அதே தரத்து நூல். இரண்டிலும் போட்ட பணம் 100 கோடி ரூபாய். வட்டிக்கும் வரிக்கும் முன்னால் இரண்டும் ஆண்டுக்கு 14 கோடி சம்பாதிக்கின்றன. முதல் ஆலை முழுக்கச் சொந்தப் பணத்தில் ஓடுகிறது. இரண்டாவது ஆலையில் 40 கோடி சொந்தப் பணம், 60 கோடி வங்கிக் கடன், வட்டி 10%. வரி 25% என்று வைத்துக்கொள்வோம்.

| கோடி ரூபாயில் | சொந்தப் பண ஆலை | கடன் ஆலை |
|---|---|---|
| வட்டி, வரிக்கு முந்தைய லாபம் | 14 | 14 |
| வட்டி | 0 | 6 |
| வரி | 3.5 | 2 |
| நிகர லாபம் | 10.5 | 6 |
| பங்குதாரர் பணம் | 100 | 40 |
| பங்குதாரர் பணத்தின் மீது வருவாய் | 10.5% | 15% |
| ஆர்ஓசிஇ | 14% | 14% |

நிகர லாபத்தைப் பார்த்தால் சொந்தப் பண ஆலை ரொம்ப மேல். பங்குதாரர் போட்ட பணத்துக்குக் கிடைத்த வருவாயைப் பார்த்தால் கடன் ஆலைதான் மேல். ஆனால் நூற்புக் கூடத்துக்குள் போய்ப் பார்த்தால் இரண்டுக்கும் எந்த வித்தியாசமும் கிடையாது, நாம்தான் அப்படி அமைத்தோம். மூன்று அளவுகளில் ஆர்ஓசிஇ மட்டும்தான் ‘இரண்டும் சமம்’ என்கிறது.

ஒரே அளவு கடன் வைத்திருக்கும் இரண்டு ஆலைகளைக்கூட நிகர லாபத்தால் நியாயமாக ஒப்பிட முடியாமல் போகலாம். மத்திய அரசு 1999-இல் தொடங்கிய தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டத்தின் கீழ், எந்திரக் கடனுக்கான வட்டியில் 5 சதவீதப் புள்ளிகளை அரசு ஈடுசெய்தது. நம் கடன் ஆலையின் 60 கோடியில் 35 கோடி அப்படிப்பட்ட எந்திரக் கடன் என்றால், ஆண்டுக்கு ஒன்றே முக்கால் கோடி வட்டி மிச்சம். வரிக்கு முந்தைய லாபம் 8 கோடியிலிருந்து 9.75 கோடியாகிவிடும். ஒரு கிலோ நூல்கூட அதிகமாக ஓட்டவில்லை. வட்டியைக் கணக்கிலிருந்து வெளியே வைக்கும் ஆர்ஓசிஇ இதனால் அசையாது. ஒரு சிறு எச்சரிக்கை மட்டும் உண்டு. இந்த மானியத்தை நிதிச் செலவில் கழித்துக் காட்டவும் கணக்கு விதி இடம் தருகிறது, ‘இதர வருமானம்’ என்று காட்டவும் இடம் தருகிறது. இரண்டாவது முறையில் காட்டியிருந்தால் அந்தத் தொகையை நாமே கழித்துவிட வேண்டும்.

## நூல் விலை விழுந்த ஆண்டில்

அடுத்த ஆண்டு பஞ்சு விலை ஏறி, நூல் விலை அதற்கு ஈடாக ஏறவில்லை. இரண்டு ஆலைகளின் வட்டி, வரிக்கு முந்தைய லாபமும் 5 கோடியாகக் குறைகிறது. சொந்தப் பண ஆலைக்கு வரி போக 3.75 கோடி நிற்கும். கடன் ஆலை 6 கோடி வட்டி கட்டியாக வேண்டும், அதனால் 1 கோடி நஷ்டம். மறுநாள் செய்தியில் ஒன்று லாபத்தில், ஒன்று நஷ்டத்தில். இரண்டின் ஆர்ஓசிஇயும் 5%தான்.

இங்கே ஒரு பயனுள்ள எல்லைக்கோடு கிடைக்கிறது. இரண்டு ஆலைகளும் 10 கோடி சம்பாதித்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். சொந்தப் பண ஆலையின் நிகர லாபம் 7.5 கோடி, 100 கோடிக்கு 7.5%. கடன் ஆலைக்கு 6 கோடி வட்டி போக 4 கோடி, வரி போக 3 கோடி, 40 கோடிக்கு அதே 7.5%. அதாவது ஆர்ஓசிஇ வட்டி விகிதத்துக்குச் சமமாக இருக்கும்போது கடனால் பங்குதாரருக்கு ஆதாயமும் இல்லை, சேதமும் இல்லை. ஆர்ஓசிஇ வட்டி விகிதத்துக்கு மேலே இருந்தால் கடன் பங்குதாரரின் வருவாயைத் தூக்கிவிடும், கீழே போனால் அதே கடன் அவரை அமுக்கிவிடும். ‘15% வருவாய் தரும் கம்பெனி’ என்று ஒன்றைப் பாராட்டுவதற்கு முன்னால், அந்த 15% கதிர்களிலிருந்து வந்ததா, கடனிலிருந்து வந்ததா என்று பார்க்க இந்த ஓர் ஒப்பீடு போதும். ஆர்ஓசிஇ வரிக்கு முந்தைய எண், கடன் வட்டியும் வரிக்கு முந்தைய எண். அதனால் இவை இரண்டையும் நேராகப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இனி மூன்றாவதாக ஒரு பெரிய ஆலை. கடனே கிடையாது. போட்ட பணம் 180 கோடி, வட்டி, வரிக்கு முந்தைய லாபம் 18 கோடி, நிகர லாபம் 13.5 கோடி. மூன்று ஆலைகளில் முதல் ஆண்டு லாபங்களை வரிசைப்படுத்தினால் இதுதான் முதலிடம். ஆர்ஓசிஇ 10%, கடைசி இடம். முதல் இரண்டு ஆலைகளைப்போல் பணத்தைப் பயன்படுத்தியிருந்தால், 180 கோடிக்கு 25 கோடிக்குமேல் வந்திருக்க வேண்டும்.

## கடன் எல்லாம் கணக்கில் வந்ததா?

இந்தியாவில் கம்பெனிகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை 2021 மார்ச்சில் திருத்தப்பட்டது. அதன்பின் ஆர்ஓசிஇ உட்படப் பதினொரு விகிதங்களைக் கம்பெனிகள் கணக்குக் குறிப்புகளில் வெளியிட வேண்டும். மேலே எதைச் சேர்த்தோம், கீழே எதைச் சேர்த்தோம் என்று விளக்கவும் வேண்டும். போன ஆண்டைவிட 25%-க்கு மேல் மாறியிருந்தால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். ஆனால் ‘ஈடுபடுத்திய மூலதனம்’ என்றால் இன்னதுதான் என்று அந்தத் திருத்தம் வரையறுக்கவில்லை. பட்டயக் கணக்காளர் கழகத்தின் வழிகாட்டுக் குறிப்பு, கண்ணுக்குத் தெரியாத சொத்துகள் நீங்கிய நிகர மதிப்பு, மொத்தக் கடன், ஒத்திவைத்த வரிப் பொறுப்பு மூன்றையும் கூட்டச் சொல்கிறது. பாடப்புத்தகங்களிலும் பங்குச் சந்தை இணையதளங்களிலும் பரவலாகக் கிடைக்கும் சூத்திரம் வேறு: மொத்தச் சொத்திலிருந்து நடப்புப் பொறுப்புகளைக் கழிப்பது.

இரண்டாவது சூத்திரத்தால் நூற்பாலைக்கு வரும் கோளாறைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ‘நடப்புப் பொறுப்புகள்’ என்றால் ஓராண்டுக்குள் தீர்க்க வேண்டியவை. பஞ்சு வாங்க வங்கி கொடுக்கும் கேஷ் கிரெடிட் அந்தத் தலைப்பில்தான் வரும். காகிதத்தில் அது குறுகியகாலக் கடன். நடைமுறையில் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டு, ஆலை ஓடும் வரை அதுவும் ஓடும். நம் கடன் ஆலையின் 60 கோடியில் 35 கோடி எந்திரக் கடன், 25 கோடி கேஷ் கிரெடிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடப்புத்தகச் சூத்திரம் அந்த 25 கோடியைக் கழித்துவிடும். மூலதனம் 75 கோடி, லாபம் அதே 14 கோடி, ஆர்ஓசிஇ 18.7%. சமமான இரண்டு ஆலைகளில் ஒன்று திடீரென்று சிறந்த ஆலையாகத் தெரிகிறது. அந்த 25 கோடிக்கான வட்டியை மேலே திரும்பக் கூட்டிவிட்டு, கடனைக் கீழே விட்டுவிட்டோம். பொருத்தம் உடைந்துபோனது.

இதனால் கணக்கைக் கடன் பக்கத்திலிருந்து தொடங்குவதே பாதுகாப்பு என்பது என் எண்ணம். பேலன்ஸ் ஷீட்டில் இவற்றைத் தேடிச் சேர்க்க வேண்டும்:

1. நீண்டகாலக் கடன்கள்.
2. குறுகியகாலக் கடன்கள். கேஷ் கிரெடிட் இங்கே இருக்கும். எந்திரக் கடனில் அடுத்த ஓராண்டில் கட்ட வேண்டிய தவணையும், 2021 திருத்தத்துக்குப் பிறகு, இதே தலைப்பில்தான் வருகிறது.
3. குத்தகைப் பொறுப்புகள். புதிய கணக்குத் தரத்தைப் பின்பற்றும் கம்பெனிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் கட்டட, எந்திரக் குத்தகைகளும் பெரும்பாலும் பேலன்ஸ் ஷீட்டுக்குள் வந்துவிட்டன. ஆனால் அவை ‘கடன்கள்’ என்ற வரியில் இருக்காது, தனி வரியில் இருக்கும்.
4. பஞ்சு வாங்கக் கொடுத்த கடன் உறுதிக் கடிதங்களின் பேரில் நிற்கும் பில்கள். இவை சிலசமயம் ‘வணிகக் கடனீந்தோருக்குத் தர வேண்டியது’ என்ற தலைப்புக்குள் இருக்கும். சாதாரண வணிகக் கடனுக்கு வட்டி கிடையாது, அதை மூலதனத்தில் சேர்க்க வேண்டியதில்லை. வங்கி இடையில் நின்று தொண்ணூறு நாள் கழித்துக் கட்டும் பில் அப்படிப்பட்டது அல்ல, அதில் வட்டி உள்ளடங்கியிருக்கிறது.

நாலாவதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. நிதிச் செலவைக் கண்ணில் தெரியும் கடனால் வகுத்துப் பாருங்கள். 60 கோடி கடன் காட்டும் ஆலை 9 கோடி நிதிச் செலவு காட்டினால் வட்டி 15% என்றாகிறது. சந்தையில் 10%-க்குக் கடன் கிடைக்கும்போது ஆலை ஏன் 15% கட்ட வேண்டும்? ஆண்டின் நடுவில் கடன் இன்னும் அதிகமாக இருந்திருக்க வேண்டும், அல்லது வேறு தலைப்பில் கடன் உட்கார்ந்திருக்க வேண்டும்.

## மார்ச் 31 என்ற ஒரு நாள்

லாபம் பன்னிரண்டு மாதக் கணக்கு. மூலதனம் ஒரே ஒரு நாளின் படம். பஞ்சு ஆலைக்கு அந்த நாள் எது என்பது முக்கியம். இந்தியாவில் பருத்தி வரத்து அக்டோபரில் தொடங்கி, குளிர்கால மாதங்களில் உச்சத்துக்குப் போகும். தரமான பஞ்சு கிடைக்கும்போதே ஆலைகள் வாங்கி இருப்பு வைக்கும். மார்ச் 31 அன்று கிடங்கு நிறைந்திருக்கும், கேஷ் கிரெடிட்டும் அதற்கேற்ப ஏறியிருக்கும். செப்டம்பரில் இருப்பு வற்றி, கடனும் இறங்கியிருக்கும்.

கணக்குப் புத்தகங்கள் தொடக்க மூலதனத்தையும் முடிவு மூலதனத்தையும் சராசரி எடுக்கச் சொல்லும். இங்கே அது உதவாது, இரண்டுமே மார்ச் மாத உச்சங்கள். பட்டியலிட்ட கம்பெனிகள் செப்டம்பர் 30-ஆம் தேதிக்கான சொத்து, பொறுப்பு விவரத்தையும் வெளியிட வேண்டும் என்பது செபி விதி. மார்ச், செப்டம்பர், மார்ச் என்று மூன்றையும் எடுத்துச் சராசரி கண்டால் உண்மைக்குப் பக்கத்தில் வரலாம்.

பருவம் வேறு வழியிலும் ஒப்பீட்டைக் கெடுக்கும். கடன் ஆலை பஞ்சை நூலாக்கி விற்றுத் தீர்ந்ததும் வங்கிக்குப் பணத்தைத் திருப்பிவிடும், அதன் மூலதனம் சுருங்கும். சொந்தப் பண ஆலைக்குத் திருப்ப ஆளில்லை. அந்தப் பணம் வைப்புத் தொகையாக உட்கார்ந்து 6 அல்லது 7% சம்பாதிக்கும், மூலதனம் அப்படியே 100 கோடியாக நிற்கும். நூற்புத் தொழிலை ஒப்பிட வேண்டுமென்றால், தேவைக்கு மீறிய வைப்புத் தொகையை மூலதனத்திலிருந்தும், அதன் வட்டியை லாபத்திலிருந்தும் சேர்த்தே நீக்க வேண்டும். ஒன்றை மட்டும் நீக்கினால் பிழை பெரிதாகிவிடும்.

## பழைய எந்திரம் காட்டும் உயர்ந்த எண்

கடன் விவகாரத்தைச் சரிசெய்த பிறகும் ஒரு பெரிய ஓட்டை மிஞ்சுகிறது. மூலதனம் புத்தக மதிப்பில் இருக்கிறது, அது ஆண்டுதோறும் தேய்மானத்தால் குறைகிறது.

நாலாவதாக ஒரு பழைய ஆலையை எடுப்போம். 60 கோடிக்கு வாங்கிய எந்திரத்தின் புத்தக மதிப்பு இப்போது 15 கோடி. பஞ்சு, நூல் இருப்பு, வரவேண்டிய பாக்கி எல்லாம் சேர்ந்து 25 கோடி. மொத்தம் 40 கோடி மூலதனத்தில் 8 கோடி சம்பாதிக்கிறது, ஆர்ஓசிஇ 20%. நம் 14% ஆலைகளைவிட மேல். சரி, இந்த எந்திரங்களை அதே 60 கோடிக்கு மாற்றினால் என்ன ஆகும்? மின்செலவும் ஆள்செலவும் குறைந்து, கூடுதல் தேய்மானமும் போக லாபம் 10 கோடியாக உயர்ந்ததாகவே வைத்துக்கொள்வோம். மூலதனம் 85 கோடி, ஆர்ஓசிஇ 12%-க்கும் குறைவு. நிஜத்தில் புது எந்திரத்தின் விலையும் ஏறியிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க நிலையான சொத்துகளுக்கான குறிப்பைத் திறந்து, வாங்கிய விலையையும் இதுவரை கழித்த தேய்மானத்தையும் பாருங்கள். 60-இல் 45 போய்விட்டது என்றால் முக்கால்வாசி தேய்ந்த எந்திரம். ஆனால் புதிய கணக்குத் தரங்களுக்கு மாறியபோது பல கம்பெனிகள் அன்றைய புத்தக மதிப்பையே வாங்கிய விலையாக எடுத்துக்கொண்டன. விதி அதை அனுமதித்தது. அப்படிப்பட்ட கம்பெனியில் எந்திரம் இளமையாகத் தெரியும், அதனால் மாற்றத்துக்கு முந்தைய ஆண்டறிக்கையையும் புரட்டியாக வேண்டும்.

இதே காரணத்தால் புதிதாகப் பணம் போட்ட ஆலையும் சிலகாலம் பாவமாகத் தெரியும். கட்டி முடியாத பிரிவுக்குப் போட்ட பணம் மூலதனத்தில் ஏறிவிட்டது, நூல் இன்னும் வரவில்லை. ‘நடந்துகொண்டிருக்கும் மூலதனப் பணி’ என்ற வரி பெரிதாக இருந்தால், அதைச் சேர்த்து ஒருமுறையும் விட்டு ஒருமுறையும் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது.

## இந்த எண் சொல்லாத இரண்டு

வங்கிகளுக்கும் வீட்டுக்கடன் கம்பெனிகளுக்கும் ஆர்ஓசிஇ பொருந்தாது. ஆலைக்குப் பஞ்சு எப்படியோ அப்படி அவர்களுக்கு வட்டி மூலப்பொருள். அதைக் கழிக்காமல் லாபம் கணக்கிட்டால் அர்த்தமே இல்லை.

இரண்டாவது, ஆர்ஓசிஇ தொழிலை அளக்கிறதே தவிர, கம்பெனி தாக்குப்பிடிக்குமா என்பதை அளப்பதில்லை. நல்ல ஆண்டில் கடன் ஆலையின் 14 கோடி, 6 கோடி வட்டியைப்போல் 2.3 மடங்கு. விலை விழுந்த ஆண்டில் 5 கோடியை வைத்துக்கொண்டு 6 கோடி வட்டி கட்ட வேண்டும், எந்திரக் கடன் தவணை அதற்கு மேலே. அந்த ஆண்டும் இரண்டு ஆலைகளின் ஆர்ஓசிஇ சமம்தான், ஆனால் வங்கியிடம் அவகாசம் கேட்டு நிற்கப்போவது ஒன்றுதான். இதற்கான எண்ணைத் தேடி வெளியே போக வேண்டியதில்லை. 2021 திருத்தம் கேட்கும் அதே பதினொரு விகிதப் பட்டியலில், ஆர்ஓசிஇக்குச் சில வரிகள் மேலே, வட்டியையும் தவணையையும் சேர்த்துக் கட்டும் சக்தியைக் காட்டும் கடன் தீர்ப்பு விகிதம் இருக்கிறது. அது 1-க்குக் கீழே இருந்தால், அந்த ஆண்டின் வருமானம் கடனுக்கே போதவில்லை என்று பொருள்.